ஆயத்தப் பரிசுக்கூடையா, நாமே அடுக்கும் கூடையா? செலவு, தரம், நெருக்கம்: ஓர் ஒப்பீடு

பரிசுக்கூடை கொடுப்பது என்று முடிவெடுத்தவர்கள் பலரும் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அடுக்கி, தாள் சுற்றி, ரிப்பன் கட்டி விற்கப்படும் ஆயத்தக் கூடையை வாங்கிவிடுவதா, பொருட்களைத் தனித்தனியாக வாங்கி நாமே அடுக்குவதா என்பதுதான் அது. "நாமே செய்தால் மலிவு", "கடைக் கூடைதான் கௌரவம்" என்ற இரண்டு எண்ணங்களும் பொதுவாக உலவுகின்றன. இரண்டும் சில நேரங்களில் மட்டுமே உண்மை. எத்தனை கூடைகள் வேண்டும், அவை எவ்வளவு தூரம் போக வேண்டும், பெறுபவரை நாம் எவ்வளவு அறிவோம் என்ற மூன்றையும் பொறுத்தே விடை மாறுகிறது. பல ஆண்டுகளாக இரண்டு வழிகளிலும் பரிசு கொடுத்துப் பார்த்ததில் நான் கண்டதைக் கணக்கோடு இங்கே வைக்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் செலவு. கூடைக்குள் இருக்கும் பொருட்களின் விலையை மட்டும் செலவு என்று கொள்ளக்கூடாது. கூடை, உள்ளே பரப்பும் காகிதம், மேலே சுற்றும் தாள், கடைக்குப் போய்வரும் செலவு, அனுப்பும் செலவு, உடைந்தால் ஏற்படும் இழப்பு ஆகிய எல்லாம் சேர்ந்ததே செலவு. நேரத்தைத் தனியாக எழுதிக்கொள்வது நல்லது, ஏனெனில் ஒருவருக்கு விடுமுறை நாளில் நான்கு மணி நேரம் ஒதுக்குவது மகிழ்ச்சியாகவும் இன்னொருவருக்கு அதுவே சுமையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது அளவுகோல் தரம். பொருளின் சுவையோடு அதன் அளவு, காலாவதித் தேதி, பெறுபவரின் கைக்குச் சேரும்போது அது இருக்கும் நிலை ஆகியவையும் இதில் அடங்கும்.

மூன்றாவது அளவுகோல் நெருக்கம், அதாவது "இது எனக்கென்றே எடுத்தது" என்று பெறுபவர் உணரும் தன்மை. இதை அளக்க முடியாது என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்து ஓர் எளிய அளவு உண்டு. கூடையில் உள்ள பொருட்களில் எத்தனையைப் பெறுபவர் உண்மையில் பயன்படுத்துவார் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் போதும்.

## ஆயத்தக் கூடை

### செலவு எங்கே போகிறது

ஒருமுறை எனக்கு வந்த ஆயத்தக் கூடை ஒன்றைப் பிரித்து, ஒவ்வொரு பொருளாக எடுத்து எழுதிப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்க்க நிறைந்து வழிவதுபோல் இருந்த அந்தக் கூடையில் மொத்தம் ஒன்பது பொருட்கள் இருந்தன. தேயிலை 25 கிராம், காபித்தூள் 20 கிராம், சாக்லேட் 40 கிராம், பிஸ்கட் 60 கிராம், ஜாம் 42 கிராம், தேன் 50 கிராம், வறுத்த பாதாம் 50 கிராம், ஒரு பீங்கான் குவளை, ஒரு வாசனை மெழுகுவத்தி. உண்ணும், பருகும் பொருட்கள் ஏழின் நிகர எடையையும் கூட்டினால் 287 கிராம்தான் வந்தது. கூடையின் ஆழம் 16 சென்டிமீட்டர் இருந்தது. அதில் 9 சென்டிமீட்டரை அடியில் மடித்து வைத்த அட்டையும் சுருள் காகிதமும் நிரப்பியிருந்தன. பொருட்கள் அந்த மேடையின் மேல் நின்றதால்தான் கூடை நிறைந்து தெரிந்தது.

இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். பொருட்கள் கூடையின் விளிம்புக்கு மேலே தெரிய வேண்டுமென்றால் அடியில் எதையாவது வைத்து உயர்த்தியே ஆகவேண்டும். நாமே அடுக்கினாலும் அதையே செய்வோம். ஆனால் வாங்குபவர் படத்தில் தெரியும் பருமனைப் பார்த்து விலையை மதிப்பிடுகிறார் என்பதும், அந்தப் பருமனில் பாதிக்கு மேல் காகிதமாக இருக்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கூடையின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதே தரமுள்ள பொருட்களைச் சில்லறையில் வாங்கினால் ஏறத்தாழ 48 பங்கு ஆகும் என்று கணக்கிட்டேன். கூடைக்கும் கட்டும் பொருட்களுக்கும் 14 பங்கு என்று கொண்டால், மீதி 38 பங்கு அடுக்கும் கூலிக்கும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்ததற்கும் விற்பவரின் இலாபத்துக்கும் போயிருக்கும். இது ஒரு கூடையின் கணக்கு. எல்லாக் கூடைகளும் இப்படியே இருக்கும் என்பதில்லை. ஆயினும் இந்த 38 பங்கு நமக்கு எதைத் தருகிறது என்று கேட்டுப் பார்ப்பதே ஒப்பீட்டின் தொடக்கம். அந்தக் கூலியும் அந்தப் பயணமும் நமக்குத் தேவைப்பட்டால் அது வீண்செலவு ஆகாது.

### தரத்தில் கவனிக்க வேண்டியவை

ஆயத்தக் கூடைகளில் சில பொருட்கள் கூடைக்கென்றே தயாராகின்றன. அவற்றைத் தனியாக எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே விலையையோ சுவையையோ வேறெதனோடும் ஒப்பிட வழியில்லை. கூடையில் உள்ளவற்றில் குறைந்தது பாதியாவது நாம் கடையில் தனியாகப் பார்த்துப் பழகிய பொருட்களாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

அடுத்தது தேதி. பண்டிகைக்காலக் கூடைகள் பல வாரங்களுக்கு முன்பே அடுக்கப்படுவதுண்டு. ஒரு கூடையின் ஆயுள் என்பது அதில் மிக விரைவில் காலாவதியாகும் பொருளின் ஆயுள்தான். தேன் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கலாம், அருகிலிருக்கும் பிஸ்கட்டுக்கு மூன்று வாரமே மீதி இருக்கலாம். தாள் சுற்றிய பிறகு தேதி கண்ணுக்குத் தெரியாது. எனவே விற்பவரிடம், "இதில் முதலில் காலாவதியாகும் பொருள் எது, எந்தத் தேதி?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்பவர் தம் சரக்கைக் கவனித்து வைத்திருக்கிறார் என்று பொருள்.

மூன்றாவது, மாற்றுப் பொருள் பற்றிய நிபந்தனை. "கையிருப்பைப் பொறுத்துப் பொருட்கள் மாறக்கூடும்" என்ற வரி பெரும்பாலும் விவரப் பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு அனுப்பும்போது இந்த ஒரு வரி ஆபத்தாகிவிடும். கொட்டைகள் இல்லாத கூடை என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தபின், தீர்ந்துபோன பிஸ்கட்டுக்குப் பதிலாக முந்திரி பிஸ்கட்டை வைத்து அனுப்பிவிட்டால் அது பெறுபவரின் உடல்நலத்தைப் பாதிக்கும்.

நான்காவது, வாசனை. எனக்கு வந்த கூடையில் மெழுகுவத்தியும் தேயிலையும் ஒட்டி நின்றன. தேயிலை அருகிலுள்ள மணத்தை எளிதாக இழுத்துக்கொள்ளும் பொருள். அதன் டப்பா இறுக்கமானதாக இல்லை. கொதிக்கும் நீரில் போட்டபோது எழுந்தது மெழுகுவத்தியின் பூமணம். வாசனைச் சோப்பு, மெழுகுவத்தி ஆகியவற்றைத் தேயிலையோடும் சாக்லேட்டோடும் கலந்து அடுக்கிய கூடையை அதன் பிறகு நான் வாங்குவதில்லை.

### நெருக்கம்

மேலே சொன்ன விரல் எண்ணிக்கையை அந்தக் கூடைக்குப் பொருத்திப் பார்த்தேன். எங்கள் வீட்டில் காபி குடிப்பவர் இல்லை, மெழுகுவத்தி ஏற்றும் வழக்கமும் இல்லை, தேயிலை வீணாயிற்று. ஒன்பதில் ஆறு பயன்பட்டன. பெறுபவரை அறியாத ஒருவர் அடுக்கியதற்கு இது குறைந்த எண்ணிக்கை அல்ல. எல்லோருக்கும் ஓரளவு பொருந்த வேண்டும் என்பதற்காகவே ஆயத்தக் கூடை பலவகைச் சிறு பொருட்களால் ஆனது. அதன் பலமும் பலவீனமும் அதுவே.

## நாமே அடுக்கும் கூடை

### செலவு: ஒன்றுக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாடு

இங்கேதான் பலருடைய கணக்கு தவறுகிறது. பொருட்களின் விலை 48 பங்கு, கடைக்கூடை 100 பங்கு, ஆகவே பாதி மிச்சம் என்று நினைத்துவிடுகிறார்கள். கட்டும் பொருட்கள் ஒரு கூடைக்கான அளவில் கிடைப்பதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். செலோஃபேன் தாள் சுருளாகத்தான் வரும், ரிப்பனும் அப்படியே. சுருள் காகிதத்தின் மிகச் சிறிய பொட்டலமே மூன்று கூடைகளுக்குப் போதும்.

முன்பு சொன்ன அதே ஒன்பது பொருட்களை வைத்து ஒரே ஒரு கூடை அடுக்குவதாகக் கொள்வோம். பொருட்கள் 48, கூடை 15, தாள் சுருள் 9, சுருள் காகிதம் 6, ரிப்பன் 5, இரண்டு மூன்று கடைகளுக்குப் போய்வர 10. கூட்டினால் 93 பங்கு. ஆயத்தக் கூடையோடு ஒப்பிட்டால் மிச்சம் 7 பங்கு மட்டுமே. அதையும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் மிச்சம். கூரியரில் அனுப்பினால் அது போய், மேலும் கைக்காசு செலவாகும்.

அதே கூடை ஆறு வேண்டுமென்றால் கணக்கு வேறு. ஒரே தாள் சுருளும் ஒரே ரிப்பன் சுருளும் ஆறுக்கும் போதும். சுருள் காகிதம் இரண்டு பொட்டலம் வாங்கினால் 12 பங்கு. இம்மூன்றும் சேர்ந்து 26 பங்கு, கூடை ஒன்றுக்கு 4 பங்குக்குச் சற்று மேல். போக்குவரத்து மொத்தம் 12 என்று கொண்டால் ஒன்றுக்கு 2. பொருட்களும் கூடையும் சேர்ந்த 63 பங்கோடு இவற்றைக் கூட்டினால் கூடை ஒன்றுக்கு ஏறத்தாழ 69 பங்கு ஆகிறது. மிச்சமாகும் 31 பங்கைச் சேமிக்கலாம். அல்லது அதைப் பொருட்களிலேயே போட்டு, 25 கிராம் தேயிலைக்குப் பதிலாக 100 கிராமும், 40 கிராம் சாக்லேட்டுக்குப் பதிலாக உண்மையாகவே நல்ல ஒன்றும் வைக்கலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி.

அறுபது கூடைகள் என்று வந்தால் தராசு மீண்டும் மறுபக்கம் சாய்கிறது. கை பழகியபின்கூட ஒரு கூடையை அடுக்கிச் சுற்றிக் கட்ட 20 நிமிடம் ஆகிறது. அறுபதுக்கு 20 மணி நேரம், அதுவும் கடைக்குப் போன நேரம் சேராமல். ஒரே மாதிரியான அறுபது டப்பாக்கள் சில்லறைக் கடையில் ஒரே நாளில் கிடைப்பதும் அரிது. அந்த எண்ணிக்கைக்கு ஆயத்தக் கூடை விற்பவர் விலையைக் குறைத்துத் தரவும் இடமுண்டு.

### தரம்: தேர்வு நம் கையில், பொறுப்பும் நம் கையில்

ஒவ்வொரு பொருளின் தேதியையும் எடையையும் நாமே பார்த்து எடுக்கிறோம். சொந்தக் கூடையின் மிகப் பெரிய பலம் இதுதான். ஆனால் வீட்டில் அடுக்கும்போது தரம் கெடும் இரண்டு இடங்களைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று வெப்பம். கூடையைச் சுற்றிச் சூடு காட்டினால் சுருங்கி இறுகும் நெகிழித்தாள் கிடைக்கிறது. கடைக்கூடை போன்ற பளபளப்பான தோற்றத்துக்காக அதை வாங்கி, ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். தாள் அழகாக இறுகியது. விளிம்பை ஒட்டி நின்ற சாக்லேட்டும் சூடேறி இளகியிருந்தது எனக்குத் தெரியவில்லை. கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகிவிடும். அது இளகி மறுபடி தானாக உறையும்போது கொழுப்பு மேற்பரப்புக்கு வந்து வெண்படலமாகப் படியும். கூடையைப் பெற்ற அக்கா, "சாக்லேட்டில் பூசணம் பிடித்திருக்கிறது போல, தூக்கிப் போட்டுவிட்டேன்" என்றார். அது பூசணம் அல்ல, உண்ணத் தகுந்ததுதான். ஆனால் பரிசாகக் கொடுத்த ஒன்று குப்பைக்குப் போனபின் அந்த விளக்கத்தால் பயனில்லை. இப்போது சூடு தேவைப்படாத செலோஃபேன் தாளைக் கூடைக்கு மேலே கூட்டிப் பிடித்து ரிப்பனால் கட்டிவிடுகிறேன். சுருங்கும் தாள்தான் வேண்டும் என்பவர் சாக்லேட்டைக் கூடையின் நடுவில், மற்ற பொருட்களின் மறைவில் வைக்க வேண்டும்.

மற்றொன்று, பொருளை அதன் உறையிலிருந்து எடுத்து அழகான கண்ணாடி ஜாடிக்கு மாற்றுவது. படத்தில் நன்றாக இருக்கும். ஆனால் உறையோடு காலாவதித் தேதியும் சேர்மானப் பட்டியலும் போய்விடுகின்றன. காற்றும் ஈரமும் பட்டபின் அச்சிட்ட தேதியும் பொருந்தாது. மாற்றியே தீருவேன் என்றால், பொருளின் பெயர், சேர்மானங்கள், ஜாடியில் அடைத்த நாள் ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும். உறையோடு வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

அடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனமானதும் உயரமானதும் பின்புறம், குட்டையானது முன்புறம். கண்ணாடிப் புட்டிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. முடிந்தபின் கூடையைச் சற்றுச் சாய்த்து மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். ஏதாவது நகர்ந்தால் அங்கே காகிதம் போதவில்லை.

### நெருக்கம்: ஒரு கூடையின் கதை

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் ஓய்விலிருந்த தோழி ஒருவருக்கு ஒரு கூடை அடுக்கினேன். முதலில் கடைக்கூடைகளைத்தான் பார்த்தேன். எல்லாவற்றிலும் கொட்டைகள் இருந்தன, அவருக்கோ கொட்டைகள் ஒத்துக்கொள்ளாது. பால் சேர்க்காத தேநீர்தான் அவர் குடிப்பது. வலக்கையால் கனம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே அவர் வழக்கமாக வாங்கும் தேயிலையில் 100 கிராம், பீங்கானுக்குப் பதிலாக எடை குறைந்த எவர்சில்வர் குவளை, பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறுகதைத் தொகுப்பு ஒன்று, மின்விசிறிக் காற்றில் உலரும் உதட்டுக்குப் பூச ஒரு களிம்பு, எளிதில் திறக்கும் மூடியுள்ள பிஸ்கட் டப்பா என்று ஐந்தே பொருட்கள் வைத்தேன். தாள் சுற்றவில்லை, ஒரு கையால் பிரிப்பது கடினம் என்பதால்.

ஐந்தில் ஐந்தும் பயன்பட்டன. செலவு அந்த நேரத்துக் கடைக்கூடைகளின் விலையை விடக் குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. ஒற்றைக் கூடையை நாமே அடுக்குவதற்கு மலிவு ஒரு காரணமே அல்ல என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். அவருடைய நாள் எப்படிக் கழிகிறது என்று தெரிந்திருந்ததால் அந்தக் கூடை அமைந்தது. தெரியாதிருந்தால் நானும் மெழுகுவத்திதான் வைத்திருப்பேன்.

## தூரம் சேர்ந்தால்

கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, இடத்தையும் பார்க்கின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பல நிறுவனங்கள் செய்வதுபோல் 5000ஆல் வகுத்தால் கிடைப்பது கொள்ளளவு எடை. உண்மை எடை, கொள்ளளவு எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம்.

கைப்பிடியோடு கூடிய கூடை 40 × 30 × 35 அளவுள்ள பெட்டியில் போகிறதென்றால் கொள்ளளவு எடை 8.4 கிலோ. கூடையின் உண்மை எடை இரண்டரைக் கிலோவாக இருந்தாலும் 8.4 கிலோவுக்கான கட்டணம் கேட்பார்கள். அதே பொருட்களைக் கூடையில்லாமல் 35 × 25 × 12 அளவுள்ள தட்டைப் பெட்டியில் அடுக்கினால் கொள்ளளவு எடை 2.1 கிலோதான். ஆகவே தூரத்துக்கு அனுப்ப விரும்புபவர் கூடை என்ற வடிவத்தையே விட்டுவிட்டு, மூடியைத் திறந்ததும் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்படி பெட்டியில் அடுக்குவது மேல். கூடையாகவே போய்ச் சேர வேண்டும் என்றால், பெறுபவர் இருக்கும் ஊரிலேயே அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆயத்தக் கூடைக்காரரிடம் சொல்லிவிடுவது செலவிலும் உடையாமல் சேர்வதிலும் சிறந்தது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஆயத்தக் கூடை | நாமே அடுக்கும் கூடை |
|---|---|---|
| ஒரு கூடையின் செலவு | 100 பங்கு, கொண்டுவந்து சேர்ப்பது உட்பட | 93 பங்கு, நேரில் கொடுத்தால் மட்டும் |
| ஆறு கூடைகள், ஒன்றுக்கு | 100 பங்கு | 69 பங்கு |
| அறுபது கூடைகள் | விலை குறைய இடமுண்டு | அடுக்க மட்டும் 20 மணி நேரம் |
| மறைந்திருக்கும் செலவு | அடியில் நிரப்பிய பருமன், பயன்படாத பொருட்கள் | மீந்துபோகும் தாளும் ரிப்பனும், கடைப் பயணம், நேரம் |
| தேதியும் எடையும் | கேட்டுத்தான் அறிய முடியும் | கையில் எடுத்துப் பார்க்கலாம் |
| ஒவ்வாமை உள்ளவருக்கு | மாற்றுப் பொருள் நிபந்தனையால் ஐயம் | சேர்மானம் படித்தால் பாதுகாப்பு |
| தூரத்து ஊருக்கு | ஏற்றது | தட்டைப் பெட்டியாக மட்டும் |

## எப்போது எது

பெறுபவரைப் பெயரளவில் மட்டும் அறிவோம், அலுவல் முறையில் கொடுக்கிறோம், நாளைக்கே போய்ச் சேர வேண்டும், ரசீது தேவை: இவற்றில் எது இருந்தாலும் ஆயத்தக் கூடையே சரி. அதிகம் பழகாதவருக்கு அவர் சுவையை ஊகித்து அடுக்குவது அவரைச் சங்கடப்படுத்தவும் கூடும். அங்கே பொதுவான, அடக்கமான கூடைதான் மரியாதை.

நன்கு தெரிந்த ஒருவர், உணவுக் கட்டுப்பாடோ ஒவ்வாமையோ உள்ளவர், அல்லது ஏறத்தாழ நான்கு முதல் பதினைந்து கூடைகள் வரை ஒரே ஊருக்குள் கொடுக்க வேண்டிய நிலை என்றால் நாமே அடுக்குவது பலன் தரும். முதல் சூழலில் பயன் பெறுபவருக்கு, கடைசிச் சூழலில் நம் பணப்பைக்கும் சேர்த்து.

இரண்டுக்கும் இடையில் ஒரு வழி உண்டு. நேரம் இல்லை, ஆனால் பெறுபவர் நெருங்கியவர் என்னும்போது அதையே நான் செய்கிறேன். பொருட்கள் குறைவாகவும் அளவில் பெரிதாகவும் உள்ள ஓர் எளிய ஆயத்தக் கூடையைத் தேர்ந்தெடுத்து, தாள் சுற்றாமல் தரச் சொல்லி வாங்குகிறேன். அதில் அவருக்குப் பயன்படாத ஒன்றை எடுத்துவிட்டு, அவருக்கென்று வாங்கிய ஒன்றை அந்த இடத்தில் வைத்து, கையால் எழுதிய நான்கு வரிக் கடிதத்தைச் செருகிக் கட்டுகிறேன். சுற்றாமல் தர முடியுமா என்று விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். சிலர் அட்டை டப்பாக்களை அடிமேடையோடு பசையால் ஒட்டி நிறுத்துகிறார்கள். அவற்றைப் பிய்த்து எடுத்தால் டப்பா கிழிந்துவிடும்.